மாலை 6.53 மணிக்குக் கேட்கப்பட்ட கேள்வி

பேர்லின் மதில் வீழ்ந்த கதையை எழுதுவோர் பலர், "மதில் திறக்கப்பட்டுவிட்டது என்று ஷபோவ்ஸ்கி அறிவித்தார்" என ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிடுவதை அவதானித்து வந்திருக்கிறேன். அப்படி ஒரு வார்த்தையை அவர் கூறவேயில்லை. தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான, பதிவுநாடா இன்றும் கிடைக்கின்ற ஒரு கூற்றையே இவ்வாறு மாற்றி எழுதுகிறோம் என்றால், நாடாவே இல்லாத கூற்றுகளின் கதி என்னவாயிருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

1989 நவம்பர் 9, வியாழக்கிழமை. கிழக்கு பேர்லினில் உள்ள சர்வதேச ஊடக மையத்தில் மாலை 6 மணிக்குச் செய்தியாளர் மாநாடு ஆரம்பமானது. பேசியவர் குந்தர் ஷபோவ்ஸ்கி. ஆளுங்கட்சியின் அரசியற்குழு உறுப்பினர். ஏறத்தாழ ஒரு மணிநேரம் சலிப்பூட்டும் விளக்கங்களிலேயே கழிந்தது. 6.53 மணியளவில் இத்தாலியச் செய்தி நிறுவனமான அன்சாவின் நிருபர் றிக்கார்டோ ஏர்மன், சில நாட்களுக்கு முன் வெளியான பயணச் சட்ட வரைவு ஒரு தவறல்லவா என்று கேட்டார். ஷபோவ்ஸ்கி நீண்டு சுற்றிப் பேசியபின், கட்சித் தலைவர் எகொன் கிறென்ஸ் அன்று தம்மிடம் கொடுத்த தாளை எடுத்து வாசித்தார்.

இந்த இடத்தில் மேற்கோள் காட்டுபவர் நிதானிக்க வேண்டும். அவர் வாசித்த வாசகம் ஒன்று. வாசித்தபின் தாமாகச் சொன்ன பதில் வேறொன்று. வாசித்ததில், வெளிநாட்டுத் தனிப்பட்ட பயணங்களுக்கு, முன்னைய நிபந்தனைகள் இன்றி "விண்ணப்பிக்கலாம்" என்றே இருந்தது. அனுமதி விரைவில் வழங்கப்படும் என்றும் இருந்தது. அதாவது, விண்ணப்பமும் விசாவும் நீங்கவில்லை. அச்செய்தி மறுநாள் அதிகாலை 4 மணிக்கே வெளியிடப்பட வேண்டியது. அந்தத் தடை ஷபோவ்ஸ்கிக்குத் தெரிந்திருக்கவில்லை; முடிவு எடுக்கப்பட்டபோது அவர் அவையில் இருக்கவுமில்லை.

எப்போதிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்ற கேள்வி எழுந்தது. தாள்களைப் புரட்டியபடி, "நான் அறிந்தவரை... உடனடியாக, தாமதமின்றி" என்று அவர் தடுமாறிச் சொன்னார். "நான் அறிந்தவரை" என்ற அந்தச் சொற்றொடரை நீக்கிவிட்டு மேற்கோள் காட்டுபவர், ஐயத்தோடு சொல்லப்பட்டதை ஆணையாக மாற்றிவிடுகிறார்.

அக்கேள்வியைக் கேட்டவர் யார்? ஏர்மன் என்று பலர் எழுதினர். பில்ட் பத்திரிகையின் பீற்றர் பிறிங்மன், கேட்டவன் நானே என்று உரிமை கோரினார். இருக்கைகளிலிருந்து ஒரே நேரத்தில் குரல்கள் எழுந்த அவ்விடத்தில், "செய்தியாளர் ஒருவர் வினவியபோது" என்று எழுதுவதே நேர்மையானது. ஆனால் பயணச் சட்டம் பற்றிய முதற்கேள்வியை ஏர்மனின் பெயரில் எழுதத் தடையேதுமில்லை. இரண்டையும் ஒன்றாக்குவதுதான் பிழை.

மாநாடு 7 மணியளவில் நிறைவுற்றது. சில நிமிடங்களுக்குள், 7.05 மணிக்கு, கிழக்கு ஜேர்மனி எல்லையைத் திறக்கிறது என்று ஏபி செய்தி அனுப்பியது. இது ஏபியின் சுருக்கமேயன்றி ஷபோவ்ஸ்கியின் வாக்கியமன்று. இரவு 8 மணிச் செய்தியில் மேற்கு ஜேர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சியும் அதே பொருளில் தலைப்பிட்டது. இரவு 10.42 மணியளவில் ஆரம்பமான அதன் பின்னிரவுச் செய்தியில், தொகுப்பாளர் ஹான்ஸ் யோவாகிம் பிறீட்றிக்ஸ், மதிலின் வாயில்கள் அகலத் திறந்திருக்கின்றன என்றார். அவ்வேளையில் அவ்வாயில்கள் அவ்வாறு திறந்திருக்கவில்லை. அவரது சொல்லையும் கேட்டுத் திரண்ட மக்களின் நெருக்கடியினால், போர்ன்ஹோல்மர் வீதிச் சாவடியில் ஹரால்ட் யேகர் என்ற அதிகாரி இரவு 11.30 மணியளவில் தடுப்பைத் திறந்துவிட்டார். ஆகவே, "வாயில்கள் திறந்திருக்கின்றன" என்ற மேற்கோளுக்கு உரியவர் பிறீட்றிக்ஸ், நிலையம் ஏஆர்டி, நேரம் இரவு 10.42 மணிக்குப் பின்.

நேரம் குறிக்கும்போது எந்த நாட்டு நேரம் என்பதையும் எழுதவேண்டும். நம்மவர்கள் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. அக்காலத்தில் கொழும்பு நேரம் பேர்லினைவிட நாலரை மணித்தியாலம் முந்தியது. எனவே ஏர்மனின் கேள்வி கொழும்பில் இரவு 11.23, யேகர் தடுப்பைத் திறந்தது 10ஆம் திகதி அதிகாலை 4 மணி. கொழும்பு நேரப்படி இரு நிகழ்வுகளும் ஒரே திகதியில் நடக்கவில்லை.

என்னைக் கேட்டால், அக்கூற்றை இவ்வாறு எழுதுவேன்: "நான் அறிந்தவரை... உடனடியாக, தாமதமின்றி" (குந்தர் ஷபோவ்ஸ்கி, அரசியற்குழு உறுப்பினர், செய்தியாளரின் கேள்விக்கு வாய்மொழிப் பதில், சர்வதேச ஊடக மையம், கிழக்கு பேர்லின், 9.11.1989, உள்ளூர் நேரம் மாலை 6.53க்கும் 7.01க்கும் இடையில், கிழக்கு ஜேர்மன் தொலைக்காட்சி நேரடி ஒளிபரப்பு, ஜேர்மன் மொழியிலிருந்து தமிழாக்கம்). மதிலைப் பற்றி அவரிடம் நேரடியாகவே ஒரு கேள்வி இறுதியில் கேட்கப்பட்டது. டெய்லி ரெலிகிறாவ் நிருபர் டானியல் ஜோன்சன், பேர்லின் மதிலுக்கு இனி என்ன ஆகும் என்று வினவினார். ஷபோவ்ஸ்கி ஏழு மணியாகிவிட்டது, இதுவே கடைசிக் கேள்வி என்று சொல்லி, பயண வசதியும் எல்லைக் காவலும் வெவ்வேறு விடயங்கள் என்ற பொருள்படப் பேசி எழுந்து சென்றார்.