எண்ணாயிரம் கல்வெட்டும் எழுதாக்கிளவியும்: வேத வாய்மொழிக் காப்பின் முறைகளும் எல்லைகளும்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் உள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில், முதலாம் இராசேந்திரன் (1012-1044) காலத்துக் கல்வெட்டு ஒன்று அவ்வூர்க் கல்லூரியின் மாணவர் கணக்கைத் தருகிறது. இராசராசச் சதுர்வேதிமங்கலம் என வழங்கிய அவ்வூரில் ருக்வேதம் பயின்றோர் 75 பேர். யஜுர்வேதம் பயின்றோர் 75 பேர். வாஜசநேயம், சாந்தோக சாமம், தலவகார சாமம் ஆகிய மூன்றுக்கும் இருபதின்மராக 60 பேர். அதர்வத்திற்கு 10 பேர். பௌதாயன சூத்திரங்களுக்கு 10 பேர். இவர்களோடு ரூபாவதாரம் எனும் இலக்கண நூலைப் பயின்ற 40 பேரையும் சேர்த்தால் இளநிலை மாணவர் 270 ஆவர். வியாகரணம், பிரபாகர மீமாஞ்சை, வேதாந்தம் ஆகியவற்றைப் பயின்ற மேல்நிலை மாணவர் 70 பேர். இளையோர்க்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல்லும், மேல்நிலையினர்க்கு 1 குறுணி 2 நாழி நெல்லும் அளக்கப்பட்டன.

இக்கல்வெட்டு சோழர் காலக் கல்விச் சிறப்புக்குச் சான்றாகப் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. அதனை வேறொரு கோணத்திலிருந்தும் நோக்கலாம். எழுதாக்கிளவி எனப்பட்ட நூல் ஒன்றைக் காப்பதற்கு ஊர் ஒன்று எத்தனை பேரை, எவ்வளவு நெல்லில் வைத்திருந்தது என்பதை அது காட்டுகிறது. வேதம் மாறாமல் நின்றதற்குப் பாடமுறைகளின் நுட்பமே காரணம் என்பது பரவலான கருத்து. அம்முறைகள் எதைக் காத்தன, எதைக் காக்க இயலவில்லை என்பதை நோக்கியபின் மீண்டும் இக்கணக்கிற்குத் திரும்புதல் தகும்.

சொல்லைப் பிரித்தலும் திருப்பிக் கோத்தலும்

மாணவன் முதலில் கற்பது சங்கிதை, அதாவது சந்தி சேர்ந்த தொடர்ப் பாடம். ஆசிரியர் ஒருமுறை கூற, மாணவர் இருமுறை திருப்பிக் கூறுவர். தமிழகப் பாடசாலைகளில் இதற்குச் ‘சந்தை’ என்று பெயர். எழுதியதைப் பார்த்து ஓதுபவனைத் தாழ்ந்த பாடகர் அறுவருள் ஒருவனாகப் பாணினீய சிட்சை வைக்கிறது. ஆகவே ஏட்டைக் கொண்டு சரிபார்க்கும் வழி இங்கு இல்லை. சரிபார்ப்பு ஓதுதலுக்குள்ளேயே அமைய வேண்டியிருந்தது.

சங்கிதையை மட்டும் கற்றவனிடம் ஒருவகைப் பிழை வெளிப்படாமல் தங்கிவிடும். தமிழ் எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை எளிதில் விளக்கலாம். ‘பொற்குடமுடைந்தது’ என்பதை ஒருவன் கேட்டு மனனம் செய்கிறான் எனக் கொள்வோம். முதற்சொல் ‘பொன்’ என்பதை அவன் ‘பொல்’ என்று கொண்டாலும் அவன் வாயில் வருவது ‘பொற்குடம்’ என்பதே. நெல்லும் கதிரும் ‘நெற்கதிர்’ ஆவதுபோல லகரமும் றகரமாகத் திரியும் அன்றோ? பின்பகுதியை ‘குட முடைந்தது’ என்று பிரித்துக்கொண்டாலும் ஒலியில் வேறுபாடு இல்லை. ஆசிரியரின் செவிக்கு எட்டாத பிழை அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

இதற்கு முதல் மருந்து பதபாடம், அதாவது சந்தியை நீக்கிச் சொற்களைத் தனித்தனியே கூறுதல். ருக்வேதத்திற்குச் சாகல்யரும் தைத்திரீய சங்கிதைக்கு ஆத்திரேயரும் பதபாடம் வகுத்ததாக மரபு கூறும். பதபாடத்தை மட்டும் கற்றால் சந்தி மறந்துவிடும். ஆகவே கிரமபாடம் இரண்டையும் இணைக்கிறது: முதற்சொல்லும் இரண்டாம் சொல்லும், பின் இரண்டாம் சொல்லும் மூன்றாம் சொல்லும் என இவ்விரண்டாகக் கோத்துச் செல்வது அது. ‘பொற்குடம், குடமுடைந்தது’ என ஓதும்போது, ‘குடம்’ ஓரிடத்தில் இறுதிச் சொல்லாக நிற்பதால் அதன் மகரம் ஐயத்திற்கு இடமின்றி வெளிப்படுகிறது. ‘முடைந்தது’ என்னும் பிழைக்கு இனி இடமில்லை.

எனினும் ‘பொல்’ என்னும் பிழை இன்னும் மறைந்தே நிற்கிறது. அதனை வெளிக்கொணர்வது சடைபாடம். இரண்டு சொற்களை நேராகவும், திருப்பியும், மீண்டும் நேராகவும் கூறுவது அதன் வாய்பாடு: 1-2, 2-1, 1-2. திருப்பும்போது சரியாகக் கற்றவன் ‘குடம்பொன்’ என்பான். பிழையாகக் கற்றவன் ‘குடம்பொல்’ என்பான். பொருளற்ற அந்தத் தலைகீழ்த் தொடரே பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. சொற்களின் வரிசை மாறும்போது சந்தி மட்டுமன்றி உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் ஆகிய சுரங்களின் சேர்க்கையும் மாறுவதால், ஒவ்வொரு சொல்லின் இயல்பான சுரத்தையும் ஓதுபவன் அறிந்திருக்க வேண்டும்.

கனபாடம் இதனை மூன்று சொற்களுக்கு விரிக்கிறது: 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3. ஒரு படியில் பதின்மூன்று சொற்கள் ஒலிக்கின்றன. அடுத்த படி இரண்டாம் சொல்லிலிருந்து தொடங்கும். எனவே இடையில் நிற்கும் எந்தச் சொல்லும் அடுத்தடுத்த மூன்று படிகளில் முறையே மூன்று, ஐந்து, ஐந்து முறை என மொத்தம் பதின்மூன்று முறை ஒலிக்கும். ஒரு பகுதியைச் சங்கிதையாக ஓதும் நேரத்தைப்போல் ஏறத்தாழ பதின்மூன்று மடங்கு நேரம் கனபாடத்திற்குத் தேவை. ருக்வேதத்தில் 1028 சூக்தங்களும் சுமார் 10,500 மந்திரங்களும் உள்ளன என்பதை நினைவிற்கொண்டால், கனபாடிகள் என்னும் பட்டத்திற்கு மரபு தந்த மதிப்பு விளங்கும்.

இவ்விடத்தில் ஒன்று கருதத்தக்கது. பொருளுணர்ந்து ஓதுபவன் மறந்த சொல்லுக்கு ஈடாகப் பொருந்தும் வேறொரு சொல்லை அறியாமலே இட்டுவிடக்கூடும். வாய்மொழிக் காவியங்களும் நாட்டார் பாடல்களும் வேறுபடுவது பெரும்பாலும் இவ்வாறே. தலைகீழ்த் தொடரில் பொருளுக்கு இடமில்லை. ஆகவே ஈடு செய்வதற்கும் வழியில்லை. மந்திரங்கள் பொருளற்றவை என்ற கௌத்சரின் கூற்றை யாஸ்கர் நிருக்தத்தில் எடுத்துக்கூறி மறுக்கிறார். அத்தகைய வாதம் எழுந்ததே, பொருளினின்று விலகிய ஒலிக்காப்பு எவ்வளவு தொன்மையானது என்பதற்கு ஒரு குறிப்பு.

முறைகள் காணாத பிழை

இம்முறைகள் அனைத்தும் ஒரு பாடத்தை அதன் பதபாடத்தோடு ஒப்பிட்டே சரிபார்க்கின்றன. பதபாடம் வகுக்கப்படுவதற்கு முன்பே புகுந்த மாற்றத்தை அவை அறியா. மாறாக, அம்மாற்றத்தையே உறுதியாகக் காத்துத் தருகின்றன. நெருப்பின் அடைமொழியாக வரும் ‘பாவக’ என்னும் சொல் இதற்குத் தெளிவான சான்று. ருக்வேதத்தில் இச்சொல் எங்கும் முதலசை நெடிலாகவே ஓதப்படுகிறது. ஆனால் யாப்பு வேண்டுவது ‘பவாக’ என, முதலசை குறிலும் இரண்டாமசை நெடிலுமாக அமைந்த வடிவத்தை. கவிகள் பாடிய வடிவம் அதுவே என்பது யாப்பாய்வால் பெறப்படுகிறது. எல்லா இடத்திலும் ஒரே சீராக நிகழ்ந்த மாற்றமாதலின், சொற்களை எவ்வாறு திருப்பிக் கோத்தாலும் அது வெளிப்படாது. அதனைக் கண்டறிய உதவியது பாடமுறைக்கு வெளியே நின்ற ஓர் அளவுகோலாகிய யாப்பு. ஓல்டன்பெர்க் 1888இல் வெளியிட்ட ருக்வேத முன்னாய்வு, இவ்வகையில் சங்கிதைக்கு முந்திய வடிவத்தைத் தேடிய பெருமுயற்சியாகும்.

முறைகளின் வரலாற்றெல்லையைக் காட்டும் வேறொரு தடயத்தை மரபே பேணி வந்துள்ளது. ருக்வேதத்தின் ஆறு மந்திரங்களுக்குச் சாகல்யரின் பதபாடம் இல்லை. மிருத்யுஞ்ஜய மந்திரம் எனப் பரவலாக அறியப்படும் ஏழாம் மண்டலத்து மந்திரம் (7.59.12) அவற்றுள் ஒன்று, ஏனையவை பத்தாம் மண்டலத்தைச் சேர்ந்தவை. சாகல்யர் காலத்தில் இவை சங்கிதையின் பகுதியாக ஏற்கப்படவில்லை என்று ஆய்வாளர் கருதுவர். பின்வந்தோர் அவற்றுக்குப் பதபாடம் புனைந்து சேர்த்து வேறுபாட்டை மறைத்திருக்கலாம்; அவ்வாறு செய்யவில்லை. இடைவெளியையும் பாடத்தின் பகுதியாகவே கொண்டு கையளித்தனர்.

இருபதின்மரும் பதின்மரும்

பாடமுறைகள் உள்ளிருந்து வரும் பிழையைத் தடுத்தன. ஓதுவதற்கு ஆளே இல்லாமற்போகும் இழப்பைத் தடுக்க அவற்றால் இயலாது. எண்ணாயிரத்துக் கணக்கின் சிறிய எண்கள் இவ்விடத்தில்தான் பொருள் பெறுகின்றன.

அதர்வம் பயின்றோர் பதின்மர். பின்னாளில் தென்னகத்தில் அவ்வேதத்தின் தொடர்ச்சி அறுந்தது. தலவகார சாமம் பயின்றோர் இருபதின்மர். ஜைமினீயம் எனவும் வழங்கும் இச்சாகைக்கு வேறொரு நெருக்கடியும் உண்டு. சாமகானத்தில் சொற்கள் இசைக்கேற்ப நீண்டும் உடைந்தும், இடையில் பொருளற்ற ஸ்தோப அசைகள் புகுந்தும் வருவதால், ருக், யஜுர் வேதங்களில் பயிலும் சடை, கன முறைகள் கானத்திற்குப் பொருந்துவதில்லை. அங்கே காப்பு என்பது ஆசிரியரின் குரலும் மாணவனின் செவியுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல் இச்சாகையின் சுவடிகளைத் தென்னாட்டில் கண்டு, அதன் ஆர்ஷேய பிராமணத்தை 1878இல் மங்களூரில் அச்சிட்டார். அதுவரை ஐரோப்பிய ஆய்வாளர் இச்சாகையைப் பெயரளவிலேயே அறிந்திருந்தனர். 1975இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் நிகழ்ந்த அக்னிசயன வேள்வியில் பாடப்பட்டது இந்த ஜைமினீய சாமமே. அதனைப் பாட வல்ல குடும்பங்கள் அப்போதே மிகச் சிலவாகிவிட்டன.

எனவே ஒரு சாகையின் நிலைபேற்றிற்கு, ஓதுவோர் எண்ணிக்கையும் அவர்களைத் தாங்கிய நிலமும் பாடமுறைக்கு இணையான காரணங்களாகின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) இத்தொடர்பை வெளிப்படையாகவே கூறுகிறது. சபை உறுப்பினராவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவர்க்கோ அரைக்கால் வேலி போதும். மனனத்திற்கு நிலத்தின் மதிப்பே அளிக்கப்பட்டது. அதே வேளையில் இம்மதிப்பு ஒரு வருணத்து ஆடவர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. பெண்களும் பிற வகுப்பாரும் விலக்கப்பட்டமையால், பிரமதேய நிலங்கள் கைமாறியபோதும் குடும்பங்கள் நகரப் பணிகளை நாடியபோதும் வெளியிலிருந்து இடம் நிரப்ப எவரும் வர இயலவில்லை. பிழை நுழையாதபடி கட்டப்பட்ட வேலியே ஆள் நுழையாதபடியும் நின்றது.

எண்ணாயிரத்திற்குச் சில பத்தாண்டுகள் பின்னர், 1067இல் வீரராசேந்திரன் காலத்தில், திருமுக்கூடல் கோயிற் பள்ளியில் ருக்வேதம் கற்கப் பதின்மருக்கும் யஜுர்வேதம் கற்கப் பதின்மருக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. தலவகாரம் அங்கே இடம்பெறவில்லை.