சோப்பில்லாமல் கடினத்தன்மை: கிணற்று நீர்ச் சோதனையில் ஒரு கழித்தலின் வரலாறு

கிணற்று நீர் ஆய்வறிக்கை எதை எடுத்தாலும் கடினத்தன்மையும் காரத்தன்மையும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். இரண்டையும் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒரே அலகில் எழுதுகிறார்கள். ஆனால் அவை வெவ்வேறு பொருள்களின் அளவுகள். கடினத்தன்மை என்பது நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் அயனிகளின் அளவு. காரத்தன்மை என்பது அமிலத்தை ஈடுகட்டும் பொருள்களின் அளவு. கிணற்று நீரில் அது பெரும்பாலும் பைகார்பனேட். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் தொடங்கியது. அந்தக் கழித்தல் எப்படி வந்தது, எந்தக் கிணற்றில் அது பொருந்தாமல் போகிறது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க், 1841-இல் நீரைச் சுண்ணாம்பு கொண்டு மென்மையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கடின நீரில் சுண்ணாம்பு நீரைச் சேர்த்தால் பைகார்பனேட், கார்பனேட்டாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து வெண்பொடியாகப் படிந்துவிடும். எவ்வளவு சுண்ணாம்பு சேர்ப்பது என்பதுதான் சிக்கல். குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் சேர்த்த சுண்ணாம்பே நீரைக் கடினமாக்கும். ஆகவே கிளார்க்குக்கு அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது சோப்பு.

அவருடைய சோதனை எளிமையானது. ஆல்கஹாலில் கரைத்த சோப்புக் கரைசலைக் குறிப்பிட்ட அளவு நீரில் சிறிது சிறிதாகச் சேர்த்து, மூடிய புட்டியில் குலுக்க வேண்டும். நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நின்றால் அதுவே முடிவுநிலை. ஒரு காலன் நீரில் ஒரு கிரெயின் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான கடினத்தன்மை ஒரு 'கிளார்க் டிகிரி' ஆனது. இன்றைய கணக்கில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 14.3 மி.கி.

இந்த முறையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நுரை வராத தண்ணீர், பருப்பு வேகாத தண்ணீர் என்று வீடுகளில் பேசப்பட்டது இதன் மூலம்தான் எண்ணாக மாறியது. எனினும் அது அளந்தது அயனிகளை அல்ல, சோப்பின் நடத்தையை. கால்சியம் சோப்போடு விரைந்து சேரும்; மக்னீசியம் தயங்கும். மக்னீசியம் மிகுந்த நீரில் முதலில் ஒரு பொய் நுரை எழும். இன்னும் கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டதும் அது உடைந்து மறையும். பொறுமையற்றவர் அங்கேயே நிறுத்தி, கடினத்தன்மையைக் குறைத்து எழுதிவிடுவார். மேலும், செலவான சோப்பும் கடினத்தன்மையும் நேர்விகிதத்தில் இல்லாததால் அட்டவணையைப் பார்த்தே விடை எழுத வேண்டியிருந்தது.

சுண்ணாம்பு முறை பைகார்பனேட்டோடு வந்த கடினத்தன்மையை மட்டுமே நீக்கும். சல்பேட், குளோரைடு ஆகியவற்றோடு வந்ததைத் தொடாது. எனவே கொதிக்க வைத்தால் நீங்கும் தற்காலிகக் கடினத்தன்மையையும் நீங்காத நிலைத்த கடினத்தன்மையையும் பிரித்தறிய வேண்டியிருந்தது. முதலில் ஒரு சோப்புச் சோதனை. பிறகு நீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வடிகட்டி, ஆவியான அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறு சோதனை. வேறுபாடே தற்காலிகக் கடினத்தன்மை. கொதித்த பின்னும் சிறிதளவு கால்சியம் கார்பனேட் கரைந்தே இருக்கும். மக்னீசியமும் முழுமையாக வெளியேறாது. ஆகவே தற்காலிகம் எப்போதும் குறைவாகவும் நிலைத்தது கூடுதலாகவும் வந்தன.

இதை மாற்றியவர் லண்டனில் பணியாற்றிய ஓட்டோ ஹேனர். 1883-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே சோப்புக் கரைசல் இல்லாமல் கடினத்தன்மையை மதிப்பிடுவது பற்றியது. தற்காலிகக் கடினத்தன்மையைத் தருவது பைகார்பனேட் என்றால், அதை நேரடியாக அமிலத்தால் அளந்துவிடலாமே என்பது அவர் வாதம். அவர் தேர்ந்த அமிலத்தின் செறிவு ஐம்பதில் ஒரு பங்கு நார்மல். அதில் ஒரு மில்லிலிட்டர் சரியாக ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடு. இன்றும் காரத்தன்மைக்கு அதே 0.02 நார்மல் கந்தக அமிலத்தைத்தான் பயன்படுத்துகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், 1878-இல், கியோர்க் லுங்கே மெத்தில் ஆரஞ்சை நிறங்காட்டியாக முன்வைத்திருந்தார். லிட்மஸ் வைத்து இதைச் செய்தால், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடே நிறத்தைக் குழப்பும். அதை விரட்ட நீரைக் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மெத்தில் ஆரஞ்சு அந்த வாயுவைப் பொருட்படுத்துவதில்லை. குளிர்ந்த நீரில், சில நிமிடங்களில் வேலை முடிந்தது.

நிலைத்த பகுதிக்கு ஹேனர் வேறு வழி வைத்தார். அளவு தெரிந்த சோடியம் கார்பனேட்டை மிகுதியாகச் சேர்த்து, நீரை முழுவதும் ஆவியாக்கி, எஞ்சியதைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, மீதமான சோடாவை அமிலத்தால் அளப்பது. செலவான சோடா நிலைத்த கடினத்தன்மைக்கு ஈடு.

இங்கேதான் காரத்தன்மை என்ற அளவு கடினத்தன்மையின் கிளையாக நின்றுவிட்டது. காரத்தன்மையைக் கண்டுவிட்டால் தற்காலிகக் கடினத்தன்மையைக் கண்டதாகிவிடும் என்ற சமன்பாட்டுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: நீரிலுள்ள பைகார்பனேட் அனைத்தும் கால்சியம், மக்னீசியத்துக்கு உரியது என்பது. பிரிட்டனின் சுண்ணப்பாறை ஊற்றுகளில் அது பெரும்பாலும் சரி. ஆனால் லண்டன் களிமண்ணுக்கு அடியில் துளைத்த ஆழ்கிணறுகளின் நீர் மென்மையானது, அதே சமயம் காரமானது. பாறையினூடே நெடுநாள் நகரும்போது நீரின் கால்சியத்தை மண் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடுகிறது; பைகார்பனேட் அப்படியே இருக்கிறது. இத்தகைய நீரில் சேர்த்த சோடாவைவிட மிகுதியான சோடா திரும்பக் கிடைக்கும். நிலைத்த கடினத்தன்மை சுழிக்குக் கீழே போகும். அந்த எதிர்க்குறி எண்ணைப் பிழை என்று ஒதுக்காமல், சோடியம் பைகார்பனேட்டின் அடையாளமாக வாசிக்கக் கற்றதே இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் என்று நான் கருதுகிறேன்.

கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நேரடியாக எண்ணும் முறை வர மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. அது வந்த வழி சாயத்தொழில். சாயத்தொட்டியில் கால்சியம் படிந்து துணியைக் கெடுப்பதைத் தடுக்க, ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் முன்ஸ் 1930-களின் நடுவில் ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தை உருவாக்கினார். கால்சிய அயனி ஒன்றை ஒரே மூலக்கூறு சுற்றிவளைத்துப் பிடித்துக்கொள்ளும். ஜூரிக் பல்கலைக்கழகத்தின் கெரோல்டு ஷ்வார்ட்சென்பாக் அந்த ஒன்றுக்கொன்று கணக்கைத் தரம்பார்த்தலாக மாற்றினார். 1948-இல் பீடர்மனும் அவரும் எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியை அறிமுகப்படுத்தினர். அதுவும் கம்பளிச் சாயமே. மக்னீசியத்தோடு சேர்ந்திருக்கையில் அது ஒயின் சிவப்பு, ஈ.டி.டி.ஏ. மக்னீசியத்தைப் பறித்துக்கொண்டதும் நீலம்.

இன்றைய செய்முறையில் இந்த இரண்டு மரபுகளும் ஒரே மேசையில் நிற்கின்றன. ஐம்பது மி.லி. நீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பி.எச். 10 அளவில் நிறுத்தும் அம்மோனியா தாங்கல் கரைசலை ஒரு மி.லி. விட்டு, நிறங்காட்டியைச் சிட்டிகை சேர்த்து, 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலைப் பியூரெட்டிலிருந்து விட வேண்டும். இங்கும் ஒரு மி.லி. ஒரு மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடு. தாங்கல் விட்டபின் ஐந்து நிமிடத்துக்குள் முடிப்பது நல்லது. தாமதித்தால் அந்தக் காரநிலையில் கால்சியம் கார்பனேட் படியத் தொடங்கும், நீலமாகிய குடுவை மீண்டும் சிவக்கும். அடிக்கடி திறந்த தாங்கல் புட்டியில் அம்மோனியா போய்விட்டிருந்தாலோ, நீரில் இரும்பு, செம்பு, மாங்கனீசு கலந்திருந்தாலோ நிறம் சட்டென்று மாறாமல் ஊதாவில் இழுத்துக்கொண்டே போகும். அப்போது படித்த எண்ணை நம்பக் கூடாது. மக்னீசியமே இல்லாத நீரிலும் முடிவுநிலை மங்கும் என்பதால், தாங்கலில் சிறிது மக்னீசியம்–ஈ.டி.டி.ஏ. கலந்து வைப்பார்கள்.

காரத்தன்மைக்கு இன்னொரு ஐம்பது மி.லி. முதலில் பினால்ப்தலீன், இளஞ்சிவப்பு வராவிட்டால் கார்பனேட் இல்லை, பைகார்பனேட் மட்டுமே. பிறகு மெத்தில் ஆரஞ்சு விட்டு, மஞ்சள் முதன்முதலாக ஆரஞ்சுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். ரோஜா நிறம் வரும்வரை போனால் அமிலம் மிகுந்துவிடும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு நீருக்கு ஈ.டி.டி.ஏ. 21.0 மி.லி., அமிலம் 15.5 மி.லி. செலவானால், ஒவ்வொன்றையும் இருபதால் பெருக்க, கடினத்தன்மை 420, காரத்தன்மை 310. கடினத்தன்மையே பெரிது, எனவே 310 தற்காலிகம், மிச்சம் 110 நிலைத்தது. இது கிளார்க்கும் ஹேனரும் அறிந்த வகை நீர். இன்னொன்றில் ஈ.டி.டி.ஏ. 8.0 மி.லி., அமிலம் 18.0 மி.லி. என்றால், கடினத்தன்மை 160, காரத்தன்மை 360. இங்கே 360 தற்காலிகக் கடினத்தன்மை என்று எழுதுவது அபத்தம். இருக்கும் கடினத்தன்மையே 160-தான், அது முழுவதும் தற்காலிகம். எஞ்சிய 200 சோடியம் பைகார்பனேட்டுக்கு உரியது.

இந்தக் கழித்தலை நம்புவதற்கு முன் மாதிரிப் புட்டியைப் பார்க்க வேண்டும். ஆழத்து நீர் வெளியே வந்ததும் கார்பன் டை ஆக்சைடை இழக்கிறது. வாயு மட்டும் போனால் காரத்தன்மை மாறாது. ஆனால் அதைத் தொடர்ந்து கால்சியம் கார்பனேட் சுவரில் வெண்படலமாகப் படிந்தால், கடினத்தன்மையும் காரத்தன்மையும் ஒரே அளவு குறையும். வேறுபாடு தப்பித்துவிடும், தனித்தனி எண்கள் தவறிவிடும். புட்டியைக் காற்றிடமின்றி நிரப்பி, அன்றே சோதிப்பது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டின் கடும்பாறைப் பகுதிக் கிணறுகளில் இரண்டு வகை நீரும் உண்டு. இரண்டாம் வகை நீர் துணி துவைக்க நன்றாகவே இருக்கும், நுரையும் வரும். வயலுக்குப் பாய்ச்சினால்தான் தீங்கு தெரியும். மண்ணின் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிட, சோடியம் ஓங்கி, மண் இறுகிப்போகும். இதை எண்ணாக்க 1950-இல் ஈட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்த 'எஞ்சிய சோடியம் கார்பனேட்' என்பது நாம் மேலே செய்த அதே கழித்தல்தான், அலகு மட்டும் வேறு: 200-ஐ 50-ஆல் வகுக்க, லிட்டருக்கு 4.0 மில்லி ஈக்விவலன்ட். 2.5-க்கு மேற்பட்ட நீர் பாசனத்துக்குத் தகாதது என்பது வழக்கமான வரம்பு. அந்த வரம்புக்குள் கொண்டுவர 1.5 அளவு கால்சியம் தேவை. தூய ஜிப்சமாகக் கணக்கிட்டால் லட்சம் லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 13 கிலோ. ஜிப்சம் முழுவதும் கரைந்ததா என்பதையும் அதே பியூரெட் சொல்லும்: ஈ.டி.டி.ஏ. 8.0-லிருந்து 11.75 மி.லி.க்கு ஏற வேண்டும், அமிலம் 18.0-இலேயே நிற்க வேண்டும். ஈ.டி.டி.ஏ. மட்டும் குறைவாக வந்தால் ஜிப்சம் தொட்டியின் அடியில் கரையாமல் கிடக்கிறது. அமிலமும் சேர்ந்து குறைந்தால் சேர்த்த கால்சியத்தில் ஒரு பகுதி கார்பனேட்டாகப் படியத் தொடங்கிவிட்டது.