முந்திரி ஆர்டர் நேராக வாட்ஸ்அப்பில் வர... லிங்க் தயாரிப்பது எப்படி?

பண்ருட்டி, கடலூர் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்களில் சிலர் கொட்டையாக வியாபாரியிடம் போடாமல், உடைத்துப் பருப்பாக்கி நேரடியாக விற்கிறார்கள். வாங்குபவர்கள் கடலூரிலும் இருக்கிறார்கள், சிதம்பரத்திலும் இருக்கிறார்கள், சென்னையிலும் இருக்கிறார்கள். விளம்பர நோட்டீஸில் 'வாட்ஸ்அப் எண்' என்று பத்து இலக்கம் போட்டுவிட்டால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறோம்.

ஆனால் அந்த எண்ணைப் பார்ப்பவர், அதைத் தன் செல்போனில் பதிந்து, வாட்ஸ்அப்பில் தேடி, என்ன வேண்டும் என்று தட்டச்சு செய்ய வேண்டும். பாதிப் பேர் அதற்குள் விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் 'விலை என்ன?' என்று மட்டும் அனுப்புவார்கள். முழு முந்திரியா, பாதியா, எத்தனை கிலோ, எந்த ஊர் என்று நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு முடிப்பதற்குள், அவர் வேறு இடத்தில் வாங்கியிருப்பார்.

இதற்கு ஒரு லிங்க் போதும். அதைத் தொட்டால், எண்ணைப் பதியாமலேயே உங்களுடைய வாட்ஸ்அப் உரையாடல் திறக்கும். எழுத வேண்டிய செய்தியும் அங்கே தயாராக இருக்கும். அவர் அளவை நிரப்பி 'அனுப்பு' பொத்தானைத் தொட்டால் ஆர்டர் வந்துவிடும். இதற்குக் கட்டணம் கிடையாது, தனி ஆப்பும் வேண்டாம். சாதாரண வாட்ஸ்அப் எண்ணுக்கும் இது வேலை செய்யும்.

லிங்க்கில் என்ன இருக்கிறது?

```
https://wa.me/91XXXXXXXXXX?text=செய்தி
```

இதில் மூன்று பாகங்கள் உள்ளன. முதலில் வரும் `https://wa.me/` என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். அடுத்து இந்தியாவின் குறியீடான 91, அதை ஒட்டி உங்கள் பத்து இலக்க எண். X உள்ள இடத்தில் உங்கள் எண்ணைப் போடுங்கள். கடைசியாக `?text=` என்று எழுதி, அதன் பிறகு வாடிக்கையாளருக்காக நீங்கள் முன்கூட்டியே எழுதிவைக்கும் செய்தி.

எண்ணில்தான் அதிகம் தவறு நடக்கிறது

உள்ளூரில்தானே விற்கிறோம், 91 எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப் எந்த எண்ணையும் நாட்டுக் குறியீட்டிலிருந்துதான் படிக்கும். உங்கள் எண் 94-ல் ஆரம்பித்து, முன்னால் 91 இல்லாவிட்டால், அதை இலங்கை எண் என்று எடுத்துக்கொள்ளும். ஏனென்றால் 94 என்பது இலங்கையின் குறியீடு. 98-ல் ஆரம்பித்தால் ஈரான், 81-ல் ஆரம்பித்தால் ஜப்பான். பெரும்பாலும் 'இந்த எண் வாட்ஸ்அப்பில் இல்லை' என்ற அறிவிப்புதான் வரும். ஆனால் 65-ல் ஆரம்பிக்கும் எண்ணாக இருந்தால் கவனம் தேவை. 65 சிங்கப்பூரின் குறியீடு, அங்கே எண்ணுக்கு எட்டு இலக்கம். ஆகவே உங்கள் பத்து இலக்கமும் அப்படியே ஒரு முழு சிங்கப்பூர் எண்ணாகிவிடலாம். உங்கள் ஆர்டர் முகம் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும்.

91-க்கு முன்னால் கூட்டல் குறி போடக் கூடாது. எண்ணுக்கு முன்னால் பூஜ்ஜியம் கூடாது. நடுவில் இடைவெளி, கோடு, அடைப்புக்குறி எதுவும் கூடாது. சரிபார்க்க எளிய வழி, இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். 91-ஐயும் சேர்த்துச் சரியாக 12 இருக்க வேண்டும்.

கடையில் தரைவழித் தொலைபேசி வைத்திருப்பவர்கள் அந்த எண்ணையே 'வாட்ஸ்அப் பிசினஸ்' ஆப்பில் பதியலாம். சரிபார்ப்பு எண் குறுஞ்செய்தியாக வராது என்பதால், அழைப்பு மூலம் கேட்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். போன் ஒலிக்கும்போது எடுத்து, சொல்லும் ஆறு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணை லிங்க்கில் எழுதும்போது எஸ்.டி.டி. குறியீட்டின் பூஜ்ஜியத்தை விட்டுவிட வேண்டும். சிதம்பரத்தின் குறியீடு 04144. எனவே லிங்க் இப்படி வரும்:

```
https://wa.me/914144XXXXXX
```

கடலூர், பண்ருட்டி என்றால் 04142, அதாவது 4144-க்குப் பதில் 4142. இங்கேயும் மொத்தம் 12 இலக்கம்தான்.

செய்தியை எப்படி எழுதுவது?

நீங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையே செய்தியாக எழுதிவிடுங்கள். முந்திரி விற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை முழு முந்திரி எத்தனை கிலோ, பாதி எத்தனை கிலோ, எந்த ஊர் என்ற மூன்றும்தான். இதற்கு மேல் கேட்டால் படிவம் நிரப்புவது போலாகி, வாடிக்கையாளர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் 'விலை என்ன?' என்றே அனுப்புவார்.

லிங்க்கின் நடுவில் இடைவெளி வரக் கூடாது. அதனால் சொற்களுக்கு நடுவே இடம் விட `%20` என்றும், அடுத்த வரிக்குப் போக `%0A` என்றும் எழுத வேண்டும். இதில் இருப்பது பூஜ்ஜியம், ஆங்கில 'ஓ' எழுத்து அல்ல.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=முந்திரி%20வேண்டும்%0Aமுழு%20கிலோ:%0Aபாதி%20கிலோ:%0Aஊர்:சிதம்பரம்
```

இதைத் தொடுபவரின் செல்போனில் தெரிவது இது:

```
முந்திரி வேண்டும்
முழு கிலோ:
பாதி கிலோ:
ஊர்:சிதம்பரம்
```

செய்திக்குள் `&` குறியைப் போடாதீர்கள். 'முந்திரி & பலா' என்று எழுதினால், 'முந்திரி'யோடு செய்தி நின்றுவிடும். `#` குறியும் இப்படித்தான் வெட்டிவிடும். 'முந்திரி, பலா' என்று காற்புள்ளி போட்டு எழுதினால் சிக்கல் இல்லை.

கடலூருக்கு ஒன்று, சிதம்பரத்துக்கு ஒன்று

மேலே உள்ள செய்தியின் கடைசி வரியில் ஊர்ப் பெயரை நாமே எழுதிவிட்டோம். கடலூர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் லிங்க்கில் அந்த ஒரு சொல்லை மட்டும் 'கடலூர்' என்று மாற்றுங்கள். எண் ஒன்றுதான், லிங்க் இரண்டு. வரும் செய்தியைப் பார்த்ததும் எந்த ஊர் ஆர்டர் என்று தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை சரக்கை வேனில் அனுப்புபவர், கடலூருக்கு எத்தனை கிலோ, சிதம்பரத்துக்கு எத்தனை கிலோ என்று முதல் நாளே கூட்டி எடுத்து வைக்கலாம். எந்த ஊர் நோட்டீஸுக்கு ஆர்டர் வருகிறது, எதற்கு வரவில்லை என்பதும் இதில் தெரியும். அடுத்த முறை எங்கே அச்சடித்துக் கொடுப்பது என்று முடிவு செய்யலாம்.

நோட்டீஸில் அச்சடிக்க வேண்டுமா?

லிங்க்கை முகநூல் பக்கத்தில் போடலாம், வாட்ஸ்அப் குழுவில் அனுப்பலாம். காகிதத்தில் அச்சடித்தால் யாரும் தொட முடியாது. அதற்கு அந்த லிங்க்கை கியூ.ஆர். கோடாக மாற்றி அச்சடிக்க வேண்டும். இங்கேதான் தமிழ்ச் செய்தியில் ஒரு சிக்கல் வருகிறது.

லிங்க்கில் உள்ள தமிழ் எழுத்துகளை செல்போன் உள்ளுக்குள் குறியீடாக மாற்றும். 'மு' என்ற ஒரே எழுத்து `%E0%AE%AE%E0%AF%81` என்று 18 குறிகளாக நீளும். 'முந்திரி' என்ற நான்கு எழுத்துச் சொல் 72 குறிகள். நாம் எழுதிய சிதம்பரம் லிங்க் இப்படி மாறும்போது 400 குறிகளைத் தாண்டிவிடும். லிங்க் நீளமானால் கியூ.ஆர். கோட்டில் கட்டங்கள் பொடிப்பொடியாகும். சின்ன நோட்டீஸிலோ பாக்கெட் ஸ்டிக்கரிலோ அச்சடித்தால் செல்போன் கேமரா படிக்கத் திணறும்.

அச்சுக்கு மட்டும் செய்தியைச் சுருக்கி, ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Chidambaram%20mundhiri
```

இது 60 குறிகளுக்குள் அடங்கும், கட்டங்கள் பெரிதாக வரும். அளவையும் விலையையும் பிறகு உரையாடலில் பேசிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் உள்ள `Quick replies` வசதியில் விலைப் பட்டியலை ஒருமுறை எழுதி வைத்தால், ஒவ்வொருவருக்கும் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

அதே ஆப்பில் `Business tools` பகுதிக்குள் `Short link` என்ற வசதியும் உண்டு. அது தானாகவே ஒரு குட்டி லிங்க்கையும் கியூ.ஆர். கோடையும் தரும். செய்தி லிங்க்குக்குள் இல்லாமல் தனியாகச் சேமிக்கப்படுவதால், தமிழில் எழுதினாலும் லிங்க் நீளாது. ஆனால் ஒரு கணக்குக்கு ஒரு லிங்க், ஒரு செய்திதான். ஊருக்கு ஒன்றாகப் பிரிக்க நினைப்பவர்களுக்கு நாமே எழுதும் லிங்க்தான் பொருந்தும்.

வெளியிடும் முன் சோதனை

லிங்க்கை உங்கள் செல்போனில் சோதித்தால் போதாது. உங்கள் எண் பதியப்படாத வேறொருவரின் செல்போனுக்கு அனுப்பித் தொடச் சொல்லுங்கள். உங்கள் கணக்கின் பெயரும் படமும் வருகிறதா, செய்தி கடைசி வரி வரை இருக்கிறதா என்று பாருங்கள். சில ஆப்களில் லிங்க்கின் நீல நிறம் தமிழ் எழுத்து ஆரம்பிக்கும் இடத்திலேயே நின்றுவிடும். அப்படியானால் உரையாடல் திறக்கும், செய்தி இருக்காது. அங்கே ஆங்கில எழுத்துச் செய்தியையோ குட்டி லிங்க்கையோ பயன்படுத்துங்கள். கியூ.ஆர். கோடு என்றால், ஆயிரம் நோட்டீஸ் அடிக்கும் முன் ஒரு தாளை அதே அளவில் எடுத்து, பழைய செல்போன் ஒன்றில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். ஒருவர் லிங்க்கைத் தொட்டாலும், 'அனுப்பு' பொத்தானைத் தொடும்வரை உங்களுக்கு எதுவும் வராது. யார் தொட்டார் என்றும் தெரியாது. எண்ணை மாற்றினால், அச்சடித்த அத்தனை நோட்டீஸும் வீணாகும். எனவே நீண்ட நாள் வைத்திருக்கப்போகும் எண்ணையே லிங்க்கில் போடுங்கள்.

எண் ஊரறிய வெளியே போகும்போது ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். மொத்தமாக ஆர்டர் கொடுத்து, 'முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்' என்பார்கள். பணம் வாங்குவதற்கு யூ.பி.ஐ. பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. அதைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். வாட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணையும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும், நோட்டீஸைப் பார்த்து வரும் ஆர்டரும் அவர்களிடமே போய்ச் சேரும்.