வங்கி முகப்பின் நாளிறுதி ரொக்கச் சரிபார்ப்பு

நாளிறுதி ரொக்கச் சரிபார்ப்பு என்பது, வங்கிக் கிளையின் காசாளர் அன்றைய கொடுக்கல் வாங்கல் முடிந்ததும் தம்மிடம் உள்ள பணத்தை எண்ணி, கணக்கு காட்டும் இருப்போடு ஒப்பிடும் வேலை. கிளைகளில் இதற்குக் 'கேஷ் டேலி' என்று பெயர். இது முடிந்த பிறகே பணம் பெட்டக அறைக்குப் போகும்.

மூன்று சான்றுகள்

முதல் சான்று வவுச்சர். பணம் கட்டும் செலான், பணம் எடுக்கும் படிவம், காசோலை ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது ஸ்க்ரோல், அதாவது ஒவ்வொரு வரவும் பட்டுவாடாவும் நடந்த வரிசையில் பதிவான பட்டியல். முன்பு இதைக் கையால் எழுதினார்கள். கோர் பேங்கிங் வந்தபின், கணினியில் பதிவு செய்யும்போதே பட்டியல் உருவாகிவிடுகிறது. மூன்றாவது, மேசை இழுப்பறையில் இருக்கும் நோட்டும் நாணயமும்.

இருப்பைக் கணக்கிடும் முறை எளிது. காலையில் பெட்டகத்திலிருந்து வாங்கிய தொகையோடு வரவைக் கூட்டி, பட்டுவாடாவையும் இடையில் பெட்டகத்துக்குத் திருப்பியதையும் கழிக்க வேண்டும்.

எண்ணும் முறை

நோட்டுகள் மதிப்புவாரியாகப் பிரிக்கப்படும். நூறு நோட்டு சேர்ந்தால் ஒரு கட்டு. கட்டில் சேராதவை சில்லறையாகத் தனியே எண்ணப்படும். கிழிந்தவை, அழுக்கானவை வேறாக வைக்கப்படும். கள்ளநோட்டு இருப்பில் சேராது. எந்திரம் எண்ணினாலும், ஒட்டிக்கொண்ட புது நோட்டையும் கட்டுக்குள் மாறிப் புகுந்த வேறு மதிப்பு நோட்டையும் கண்டுபிடிக்கக் கட்டைக் கையால் விசிறிப் பார்ப்பது வழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு காசாளர் காலையில் 3,00,000 ரூபாய் வாங்கினார். ஸ்க்ரோலின்படி வரவு 7,46,500, பட்டுவாடா 6,18,200. மதியம் 2,00,000 ரூபாயைப் பெட்டகத்துக்குத் திருப்பினார். ஆகவே கையில் 2,28,300 இருக்க வேண்டும். எண்ணியதில் கிடைத்தது இது:

| மதிப்பு | எண்ணிக்கை | தொகை |
|---|---|---|
| 500 | 370 | 1,85,000 |
| 200 | 95 | 19,000 |
| 100 | 160 | 16,000 |
| 50 | 50 | 2,500 |
| 20 | 70 | 1,400 |
| 10 | 80 | 800 |
| மொத்தம் | | 2,24,700 |

குறைவது 3,600 ரூபாய். உடனே நோட்டை மீண்டும் மீண்டும் எண்ணுவதில் நேரம் வீணாகும். முதலில் வவுச்சர்களைக் கூட்டி ஸ்க்ரோலோடு ஒப்பிட வேண்டும். வரவு வவுச்சர் ஒத்துப்போகிறது. பட்டுவாடா வவுச்சரின் கூட்டுத்தொகையோ 6,21,800. வித்தியாசம் இங்கும் அதே 3,600 என்பதால், பிழை பணத்தில் இல்லை, பதிவில்தான் இருக்கிறது.

3,600 என்பது ஒன்பதால் மீதமின்றி வகுபடும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் அப்படித்தான் வகுபடும். ஆகவே அத்தகைய வவுச்சரைத் தேடலாம். 27,300 ரூபாய் எடுக்கும் படிவம் ஒன்று 23,700 என்று பதிவாகியிருக்கிறது. படிவத்தின் பின்புறம் காசாளர் 500 நோட்டு 54, 100 நோட்டு 3 என்று எழுதி வைத்திருப்பது, கொடுத்தது 27,300தான் என்பதைக் காட்டுகிறது. அதிகாரியின் ஒப்புதலோடு தவறான பதிவை நீக்கிச் சரியான தொகையைப் பதிந்ததும், கணக்கிருப்பு 2,24,700 ஆகி நோட்டோடு சேர்கிறது.

வித்தியாசம் சொல்லும் செய்தி

வித்தியாசம் ஒரு வவுச்சரின் முழுத்தொகைக்குச் சமமானால், அது பதிவில் விட்டுப்போயிருக்கலாம். ஒரு வவுச்சரின் தொகைக்கு இரு மடங்கானால், வரவு பட்டுவாடாவாகவோ, பட்டுவாடா வரவாகவோ பதிவாகியிருக்கலாம்.

வவுச்சரும் ஸ்க்ரோலும் ஒத்திருந்து நோட்டு மட்டும் மாறினால், பிழை எண்ணிக்கொடுத்ததிலோ வாங்கியதிலோ இருக்கிறது. சரியாக 400 ரூபாய் குறைந்தால், 100 ரூபாய் நோட்டுக்குப் பதில் 500 ரூபாய் நோட்டு போயிருக்க வாய்ப்புண்டு. அப்போது வவுச்சர்களின் பின்புற மதிப்புக் குறிப்பையும் கண்காணிப்புக் கேமரா பதிவையும் பார்ப்பார்கள்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவருக்கு 500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, இன்னொருவரிடம் அதே தொகையைக் கூடுதலாக வாங்கியிருந்தால் மூன்று சான்றுகளும் ஒத்துப்போகும். வாடிக்கையாளர் வந்து சொன்னால்தான் அந்தத் தவறு வெளிப்படும்.

தீராத வித்தியாசம்

குறைவு அன்றே தீராவிட்டால், அதைத் தற்காலிகமாகச் சஸ்பென்ஸ் கணக்கில் எழுதி, பொதுவாகக் காசாளரிடமிருந்து ஈடுசெய்வார்கள். மிகுதியை இழுப்பறையில் விட்டுவைக்கக் கூடாது. அதுவும் உரிய தனிக்கணக்கில் வரவாக வேண்டும். இன்றைய மிகுதியைக் கொண்டு நாளைய குறைவை ஈடுகட்டுவது விதிமீறல். எல்லாம் முடிந்ததும் ரொக்க இருப்புப் பதிவேட்டில் பொறுப்பாளர்கள் கையெழுத்திட, பணம் இருவர் சாவியில் திறக்கும் பெட்டகத்துக்குள் போகிறது.