வம்சாவளிப் பதிவில் பெயர்க் குழப்பம் (கரிசல் வட்டாரம்)

வம்சாவளி எழுதும்போது ஒரே ஆள் நாலு பெயரிலும், நாலு ஆட்கள் ஒரே பெயரிலும் வருவது தமிழ்நாடு முழுக்க உள்ள சிக்கல். கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் இதைப் பார்ப்பதற்கு வசதியான ஊர். ஊர்ப்பெயரே இடைசெவல் என்றும் இடைச்செவல் என்றும் இரண்டு விதமாக அச்சாகிறது. 1923 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் பிறந்த இரண்டு எழுத்தாளர்களின் ஊர் இது. ஒருவர் கு. அழகிரிசாமி. இன்னொருவர் ராயங்கல ஸ்ரீ கிருஷ்ண ராஜ நாராயணப் பெருமாள் ராமானுஜ நாயக்கர். இந்த நீளப் பெயரைச் சொன்னால் பலருக்கு ஆள் பிடிபடாது, கி. ராஜநாராயணன் என்றால் கொஞ்சம், கி.ரா. என்றால் உடனே தெரியும். அவரைப் பலர் ‘நைனா’ என்றே அழைத்தார்கள். அது தெலுங்கில் அப்பாவைக் குறிக்கும் முறைச்சொல். விவரம் தெரியாதவர் கேட்டு எழுதினால் அதையும் ஒரு பெயராகவே எழுதிவிடுவார்.

பட்டப்பெயர் ஏன் வருகிறது

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமே இதன் வேர். ‘பெயரன்’ என்ற சொல்லே அப்படி வந்ததுதான். ராமசாமி என்ற பெரியவருக்கு மூன்று மகன்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் தலைப்பிள்ளைக்கு அப்பா பெயரை வைக்க, ஒரே தெருவில் மூன்று ராமசாமிகள் ஆகிவிடும். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால், பெற்ற பிள்ளையையே தாய் ‘பெரியவன்’ என்றோ ‘ராசா’ என்றோதான் கூப்பிடுவாள். தெருவோ மூவரையும் பிரித்தறிய மொட்டை ராமசாமி, பட்டாளத்து ராமசாமி, கடைக்கார ராமசாமி என்று ஆக்கிவிடும்.

ஆகவே இங்கே திரும்பத் திரும்ப வருவது இட்ட பெயர். ஆளை அடையாளம் காட்டுவது பட்டப்பெயர். வம்சாவளி எழுதுகிற பலர் பட்டப்பெயரை மரியாதைக் குறைவு என்று விட்டுவிட்டு ‘முறையான’ பெயரை மட்டும் எழுதுகிறார்கள். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைக் கிணற்றில் எறிகிற காரியம் இது. கேலியாகத் தோன்றுகிற பெயரை அச்சில் விட்டுவிடலாம், குறிப்பேட்டில் விடக்கூடாது.

பெண்களுக்கு இது வேறு விதமாக அமையும். வாழவந்த பெண்ணை அவள் பிறந்த ஊரை வைத்து ‘நாலாட்டின்புதூர்க்காரி’ என்பார்கள். இட்ட பெயர் பேரன் பேத்திகளுக்கு மறந்துபோயிருக்கும். ஆனால் அந்த அழைப்பே அவள் பிறந்த வீட்டைத் தேட வேண்டிய ஊரைச் சொல்லிவிடுகிறது. பெயர் தெரியாத இடத்தில் ‘பெயர் தெரியவில்லை, நாலாட்டின்புதூர்க்காரி என்று அழைக்கப்பட்டவர்’ என்றே எழுத வேண்டும். 

எந்தத் தாளில் எந்தப் பெயர்

பெயர் தாளுக்குத் தாள் மாறும். பழைய பிறப்புப் பதிவேட்டில் பெயர் இராது. ‘ஆண் குழந்தை’ என்று தகப்பன் பெயரோடு நிற்கும். பள்ளியில் சேர்க்கப் போன மாமா வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்ல, சான்றிதழில் ‘ராஜா’ ஏறிவிடும். பட்டாவில் ராமசாமி. இந்த இரண்டையும் ஒரே வரியில் முடிச்சுப் போடுவது பத்திரம்: ‘ராஜா என்ற ராமசாமி’. ‘என்ற’, ‘என்கிற’, ‘(எ)’ என்று வரும் இடங்களைத் தேடுவதற்காகவே பாகப்பிரிவினைப் பத்திரத்தை முதலில் வாசிக்கலாம். பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடுகிற தாள் அது.

பத்திரத்துக்கு அடுத்து மொய் நோட்டு. திருப்பிச் செய்ய வேண்டிய பணம் என்பதால் அங்கே ஆள் மாறக்கூடாது. அதனால் ஊர், தகப்பன் பெயரின் முதலெழுத்து, பெயர், சந்தேகம் வந்தால் பட்டப்பெயர் எல்லாம் சேர்ந்து வரும்: ‘இடைசெவல், கி. ராமசாமி, மொட்டை, 21.’ பரணில் கிடக்கிற இந்த நோட்டை வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

பட்டாவில் ஒரு பொறி உண்டு. செத்துப் பல வருஷம் ஆனவர் பெயரிலேயே பட்டா ஓடும். தாத்தா ராமசாமி 1960இல் இறந்திருக்க, 1975ஆம் வருஷத் தீர்வை ரசீதிலும் ராமசாமி என்று இருந்தால், அது பேரனாகவும் இருக்கலாம், மாற்றப்படாத தாத்தா பெயராகவும் இருக்கலாம். அதனால் ரசீதை மட்டும் வைத்து ஒருவர் உயிரோடு இருந்தார் என்று எழுதக்கூடாது. மாவட்டப் பெயரும் மாறும். 1986க்கு முந்தைய தாள்களில் கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும்.

எழுத்து வேறுபாடு

தமிழுக்குள்ளேயே ரங்கம்மாள் ரெங்கம்மாள் ஆவார். லட்சுமி லெட்சுமி ஆவார். கங்கம்மா கெங்கம்மா ஆவார். பேச்சு எழுத்தில் ஏறியது இது; பிழை என்று திருத்திவிட்டால் தாளும் பதிவும் ஒத்துவராது. தாளில் உள்ளபடியே எழுதி, எந்தத் தாள், எந்த வருஷம் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்குப் போனால் ழகரம் வம்பு செய்யும். ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துத் தேட 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை இன்னும் புழக்கத்தில் உள்ளது. அதில் Alagirisami என்றால் A426; Azhagirisamy என்றால் A226. ஒரே பெயர், இரண்டு எண். அதே சமயம் Alagarsamy என்ற வேறு பெயருக்கும் A426தான். சேர வேண்டியது பிரிகிறது, பிரிய வேண்டியது சேர்கிறது. ழ வரும் பெயர்களை l, zh இரண்டிலும் கையாலேயே தேடுவதுதான் வழி.

சேர்ப்பதும் பிரிப்பதும்

இரண்டு பெயர் ஒரே ஆள்தான் என்று சொல்ல, பெயருக்கு வெளியே உள்ள சான்று வேண்டும்: தகப்பன் பெயர், மனைவியின் பிறந்த ஊர், நிலத்தின் சர்வே எண். இவற்றில் இரண்டேனும் ஒத்துவரும் வரை தனித்தனி ஆட்களாகவே வைத்திருப்பது நல்லது. பிரித்து வைத்ததைச் சேர்க்க ஒரு நிமிஷம் போதும். தவறாகச் சேர்த்ததைப் பிரிக்க வேண்டுமானால், யாருடைய பிள்ளை யார் என்று ஒவ்வொரு தாளையும் மறுபடி புரட்ட வேண்டும். தவறாகச் சேர்ந்திருந்தால் கணக்கு காட்டிக்கொடுக்கும். பன்னிரண்டு வயதில் தகப்பன், இறந்த பிறகு கையெழுத்து, தலைப்பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் நாற்பது வருஷ இடைவெளி என்று வரும். இரண்டு மனைவியர் மட்டும் சான்றாகாது, அது நடக்கக்கூடியதே.

கணினியில் ஏற்றுவோருக்குப் பொதுவான கோப்பு வடிவம் GEDCOM. அதில் ஒரே ஆளுக்குப் பல NAME வரிகள் தரலாம்:

```
0 @I12@ INDI
1 NAME ராமசாமி
2 TYPE birth
1 NAME ராஜா
2 TYPE aka
1 NAME மொட்டை ராமசாமி
2 TYPE aka
2 NOTE மொய் நோட்டில் உள்ளபடி
```

தகப்பன் பெயரின் முதலெழுத்தைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடக்கூடாது. அது தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதால், மகன் ஒரு குடும்பம், தகப்பன் வேறு குடும்பம் என்று வரிசை சிதறும். இந்த வடிவத்தில் ALIA என்றொரு குறியும் உண்டு. பார்த்தால் மறுபெயருக்கான இடம்போலத் தெரியும். பலர் அதில்தான் பட்டப்பெயரை எழுதிவைக்கிறார்கள். உண்மையில் அது ‘இவரும் இன்னொரு பதிவில் உள்ளவரும் ஒருவராக இருக்கலாம்’ என்று இரண்டு பதிவுகளை இணைக்கும் குறி. ரசீதில் வந்தது தாத்தாவா பேரனா என்று தீராத அந்த ராமசாமிக்குத் தனிப் பதிவு ஒன்று போட்டு, இந்தக் குறியால் இரண்டு பேரோடும் இணைத்து வைக்கலாம்.