இரண்டு ஊசி போட்ட நாய்க்குட்டிக்கும் பார்வோ வருவது ஏன்? பூஸ்டர் டோஸ் தேதி தவறினால் என்ன ஆகும்?

"ஊசி போட்டாச்சே, அப்புறம் எப்படி வந்துச்சு?" பார்வோ தாக்கிய குட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் கால்நடை மருத்துவர்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஊசி போலியாக இருக்குமோ என்ற சந்தேகமும் கூடவே வரும். பல நேரங்களில் ஊசியில் எந்தக் குறையும் இருக்காது. அது போடப்பட்ட வயதும், அதன் பிறகு நிறுத்திவிட்டதும்தான் பிரச்னை.

காரைக்கால் மாவட்டம் நெரவி போன்ற டெல்டா கடலோர ஊர்களில் இது இன்னும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வயலிலும் வாய்க்காலிலும் தெருவிலும் தண்ணீர் நிற்கும். அந்த நேரத்தில் பிறக்கும் குட்டிக்கு எந்தத் தேதியில் எந்த ஊசி? தேதி தவறினால் என்ன செய்வது? விரிவாகப் பார்ப்போம்.

தாய்ப்பால் தரும் பாதுகாப்பே தடையாவது எப்படி?

குட்டி பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் ஆன்டிபாடிகள் அதன் ரத்தத்தில் சேர்கின்றன. முதல் சில வாரங்களுக்கு குட்டியைக் காப்பாற்றுவது இவைதான். ஆனால் இவற்றுக்கு நோய்க் கிருமிக்கும் தடுப்பூசிக்கும் வித்தியாசம் தெரியாது. பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகளில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது உடலில் கொஞ்சம் பெருகினால்தான் குட்டி சொந்தமாக எதிர்ப்பு சக்தியை உருவாக்கும். தாயின் ஆன்டிபாடி மிச்சம் இருந்தால், தடுப்பூசி வைரஸையும் அது அழித்துவிடும். ஊசி போட்டதாக அட்டையில் பதிவாகும். உடலில் எதுவும் பதிவாகாது.

இந்த ஆன்டிபாடி தோராயமாக 10 நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியும். பார்வோவிடமிருந்து காக்க ரத்தத்தில் 80 என்ற அளவு ஆன்டிபாடி வேண்டும் என்றும், 20 இருந்தாலே ஊசியைத் தடுத்துவிடும் என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் குட்டியின் தாய்க்கு எதிர்ப்பு சக்தி குறைவு. குட்டிக்குக் கிடைத்தது 160. பத்தாம் நாள் 80, இருபதாம் நாள் 40, முப்பதாம் நாள் 20, நாற்பதாம் நாள் 10. ஆறாவது வாரத்தில் ஊசி போட்டால் அது வேலை செய்யும். ஆனால் பத்தாம் நாளுக்குப் பிறகு ஊசி போடும் வரை இந்தக் குட்டிக்குப் போதிய பாதுகாப்பு இல்லை.

இரண்டாவது குட்டியின் தாய் பார்வோ வந்து பிழைத்த தெருநாய். குட்டிக்குக் கிடைத்தது 2560. இதுவும் பாதி பாதியாகக் குறைந்து ஐம்பதாம் நாளில் 80, அறுபதாம் நாளில் 40, எழுபதாம் நாளில் 20, எண்பதாம் நாளில்தான் 10. ஆறாவது வாரத்தில் போட்ட ஊசி வீண். ஒன்பதாவது வாரத்தில் போட்டதும் வீண். பன்னிரண்டாவது வாரத்தில் போடுவதுதான் பிடிக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஐம்பதாம் நாளுக்கும் எழுபதாம் நாளுக்கும் இடைப்பட்ட காலம். தாயின் ஆன்டிபாடி நோயைத் தடுக்கப் போதவில்லை. ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதுமானது. இரண்டு ஊசி போட்ட குட்டிக்கும் பார்வோ வருவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். இரண்டோடு நிறுத்திவிட்டால், இரண்டாவது குட்டிக்கு ஒரு ஊசிகூடப் போடாததற்குச் சமம்.

எந்தக் குட்டிக்கு எந்த நாளில் இந்தத் தடை நீங்கும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும். அதனால்தான் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பார்வோ, டிஸ்டெம்பரைப் பொறுத்தவரை குட்டிப் பருவத்தின் 'பூஸ்டர்' என்பது பழைய பாதுகாப்பைக் கூட்டுவதற்கு அல்ல. முந்தையது பிடிக்காமல் போயிருந்தால், இதாவது பிடிக்கட்டும் என்ற அடுத்த முயற்சி. எத்தனை ஊசி என்பதைவிட, கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு போடப்பட்டதா என்பதுதான் முக்கியம்.

தேதி வாரியாக ஓர் அட்டவணை

உலக சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் அல்லது அதற்குப் பிறகு வரை தடுப்பூசி தொடர வேண்டும். நெரவியில் அக்டோபர் 1-ம் தேதி ஒரு குட்டி பிறந்ததாக வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்.

நவம்பர் 12 (6 வாரம்): பார்வோ, டிஸ்டெம்பர் முதல் ஊசி.

டிசம்பர் 3 (9 வாரம்): பல நோய்களுக்கான கூட்டு ஊசி. 'செவன் இன் ஒன்', 'நைன் இன் ஒன்' என்று சொல்வது இதைத்தான். எலிக்காய்ச்சலுக்கான முதல் டோஸும் இதில் சேரும்.

டிசம்பர் 24 (12 வாரம்): கூட்டு ஊசி மீண்டும், எலிக்காய்ச்சல் இரண்டாவது டோஸ், ரேபிஸ் முதல் ஊசி.

ஜனவரி 21 (16 வாரம்): கூட்டு ஊசியின் குட்டிப் பருவக் கடைசி டோஸ், ரேபிஸ் இரண்டாவது ஊசி.

ஏப்ரல் 1 (26 வாரம்): பார்வோ, டிஸ்டெம்பருக்கு இன்னொரு டோஸ். 16 வாரத்திலும் தாயின் ஆன்டிபாடி தடுத்த அரிதான குட்டிகளுக்கு இது பாதுகாப்பு. முன்பு ஒரு வயதில் போட்டதை இப்போது ஆறு மாதத்துக்கே முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள். ஓட்டை இருந்தால் அது சீக்கிரம் அடைபடட்டும் என்பதே காரணம்.

பயன்படுத்தும் ஊசியின் வகையைப் பொறுத்து மருத்துவர் சில நாட்கள் முன்பின் மாற்றலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கும் குறைவான இடைவெளியில் போடக் கூடாது. முந்தைய ஊசிக்கு உடல் எதிர்வினை காட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைப் போட்டால் அதன் பலன் குறையும்.

எலிக்காய்ச்சல், ரேபிஸ் கணக்கு வேறு

இந்த இரண்டு ஊசிகளிலும் இருப்பது உயிரற்ற கிருமி. அது உடலில் பெருகாது. எலிக்காய்ச்சல் ஊசியின் முதல் டோஸ் உடலுக்குக் கிருமியை அடையாளம் காட்ட மட்டுமே செய்யும். 2 முதல் 4 வாரத்தில் இரண்டாவது டோஸ் விழும்போதுதான் உண்மையான பாதுகாப்பு எழும். இங்கே பூஸ்டர் என்ற சொல் அதன் நேரடிப் பொருளில் பொருந்துகிறது. இடைவெளி 6 வாரத்தைத் தாண்டிவிட்டால், முதல் டோஸைக் கணக்கில் எடுக்காமல் மீண்டும் இரண்டு டோஸ் போடச் சொல்வதே வழக்கம்.

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருந்து பரவும் நோய் இது. வயல் ஈரமும் தேங்கிய நீரும் உள்ள டெல்டாவில் இதைத் தள்ளிப்போட முடியாது. நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். பாதுகாப்பு சுமார் ஓராண்டுதான் என்பதால், வருடம் தவறாமல் போட வேண்டும். மழைக்கு முன்பே, செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது.

ரேபிஸ் ஊசி 12 வாரம் நிறைந்த பிறகு. நோய் அதிகமுள்ள இந்தியா போன்ற நாடுகளில் 2 முதல் 4 வாரத்தில் இரண்டாவது டோஸும், ஓராண்டு கழித்து மறு டோஸும் போடுவது பாதுகாப்பு. மூன்று மாதத்துக்குக் குறைவான குட்டி கடித்தால் "சின்னக் குட்டிதானே" என்று விட்டுவிடக் கூடாது. காயத்தை சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தேதி தவறிவிட்டால்?

பயந்து விட்டுவிட வேண்டாம். பார்வோ, டிஸ்டெம்பர் ஊசியைத் தாமதமாகவாவது போட்டு, 16 வாரத்தைத் தாண்டும் வரை தொடர வேண்டும். குட்டிக்கு ஏற்கெனவே 16 வாரம் கடந்துவிட்டது என்றால், தாயின் தடை பெரும்பாலும் நீங்கியிருக்கும். 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ் போட்டால் போதும்.

தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டியின் பிறந்த நாள் தெரியாதே? பல்லைப் பாருங்கள். பால் பற்கள் முழுசாக முளைத்திருந்தால் சுமார் 8 வாரம். முன்பற்கள் விழுந்து பெரிய பற்கள் வரத் தொடங்கியிருந்தால் மூன்று, நான்கு மாதம். சந்தேகம் என்றால் குறைந்த வயதாகவே கணக்கிட வேண்டும். ஒரு ஊசி கூடுதலாக விழுவதால் பெரிய நஷ்டம் இல்லை. ஒன்று குறைந்தால்தான் ஆபத்து.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் குட்டிக்கு அன்று ஊசி வேண்டாம். குணமான பிறகு போடலாம்.

தேதி சரி, ஊசி சரியா?

தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். கடையில் வாங்கி பைக் பெட்டியில் வெயிலில் கொண்டுவந்தால் உயிருள்ள வைரஸ் செத்துவிடும். ஃப்ரீசரில் உறைந்தால் ரேபிஸ் ஊசி கெட்டுவிடும். இரண்டிலுமே நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே குட்டியை மருத்துவரிடம் கொண்டுபோய், அங்கே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, கண் முன்னே கலந்து உடனே போடுவதே பாதுகாப்பு. ஊசிக் குப்பியின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். ஊர் மாறி வேறு மருத்துவரிடம் போனாலும் அடுத்த டோஸை அதை வைத்தே முடிவு செய்யலாம். நெரவிக்காரர்கள் காரைக்காலுக்குப் போனாலும் நாகப்பட்டினத்துக்குப் போனாலும் அந்த அட்டையைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

கடைசி ஊசி முடியும் வரை என்ன செய்யக் கூடாது?

நோய் வந்த நாயின் மலத்திலிருந்து வெளியேறும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும். பினாயில் அதைக் கொல்லாது. ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, முதலில் அழுக்கைக் கழுவிய தரையில் 10 நிமிடம் ஊறவிட வேண்டும். 16 வார ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் ஆகும் வரை, தெருநாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியை இறக்கிவிட வேண்டாம். வீட்டு முற்றத்திலும், ஊசி போட்ட ஆரோக்கியமான நாய்களோடும் பழகலாம்.

குட்டி திடீரெனச் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், அடுத்தடுத்து வாந்தி எடுத்தால், துர்நாற்றத்தோடு ரத்தம் கலந்து பேதியானால் அது பார்வோவாக இருக்கலாம். எத்தனை ஊசி போட்டிருந்தாலும் காத்திருக்கக் கூடாது. உடலின் நீர் வற்றுவதுதான் குட்டியைக் கொல்கிறது. அன்றே டிரிப்ஸ் ஏற்றினால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலானவை இறந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது தடுப்பூசி அட்டையையும் காட்டுங்கள். கடைசி டோஸ் எந்த வயதில் விழுந்தது என்பதுதான் அவர் முதலில் பார்க்கும் விவரம்.