ஷவரில் படியும் வெள்ளைக் காரை: கடின நீரும் அதை மென்மையாக்கும் முறையும்

ஷவர் துளைகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. குழாயின் வாய்ப்பகுதியில் வெள்ளை நிறத்தில் ஏதோ கெட்டியாகப் படிந்திருக்கிறது. புதிதாக வாங்கிய வாட்டர் ஹீட்டர் சில ஆண்டுகளிலேயே பழுதாகிறது. இவை ஒரே வீட்டில் நடந்தால், அங்கு வரும் தண்ணீர் கடின நீராக இருக்க வாய்ப்பு அதிகம்.

மலேசியாவில் பெரும்பாலான வீடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆறுகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் எடுக்கப்படும் நீர் பொதுவாக மென்மையானது. சுண்ணாம்புப் பாறைகள் நிறைந்த இடங்களில் நிலத்தடி நீரைப் பயன்படுத்தும்போதுதான் நிலைமை மாறுகிறது. பெர்லிஸ், ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கு போன்ற பகுதிகளில் கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ நம்பியிருப்பவர்களுக்கு இந்த வெள்ளைக் காரை நன்கு பழக்கமானது. இதற்குத் தீர்வு என்று சொல்லி விற்கப்படும் கருவிகள் பல. அவற்றில் எது உண்மையில் வேலை செய்யும் என்பதை அறிய, முதலில் காரை எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

குகையில் நடப்பதே குளியலறையிலும்

மழை நீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலத்தன்மை பெறுகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து, கால்சியத்தையும் ஓரளவு மெக்னீசியத்தையும் தன்னுடன் எடுத்துச் செல்கிறது. பார்ப்பதற்குத் தெளிவாக இருந்தாலும் அதில் கரைந்த கல் இருக்கிறது.

இந்தக் கரைசலைக் கரைந்த நிலையில் வைத்திருப்பது அந்தக் கரியமில வாயுதான். வாயு வெளியேறினால் கால்சியம் மீண்டும் கல்லாகிவிடும். பத்துமலையிலும் குவா தெம்புருங்கிலும் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகள் இப்படித்தான் உருவாயின. ஷவர் துளையில் தங்கும் கடைசிச் சொட்டுக்கும் அதுவே நேர்கிறது. குகையில் நூற்றாண்டுகள் ஆகும் வேலை வீட்டில் சில மாதங்களில் முடிவதற்குக் காரணம் வெப்பம். தண்ணீரைச் சூடாக்கினால் வாயு வேகமாக வெளியேறுகிறது. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். சுண்ணாம்போ சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். அதனால்தான் வீட்டில் மிக அதிகமாகக் காரை பிடிக்கும் இடம் ஹீட்டரின் சூடேற்றும் கம்பி.

காரை பிடித்த ஹீட்டர் மின்சாரத்தை வீணாக்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். மின்சார ஹீட்டரில் முக்கியமான பாதிப்பு அதுவல்ல. கம்பி தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதால், அதில் உண்டாகும் வெப்பம் தாமதமானாலும் தண்ணீருக்குத்தான் போகும். ஆனால் காரை ஒரு போர்வைபோல் மூடிக்கொள்வதால் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகி, ஒருநாள் வெந்து அறுந்துபோகிறது. உடனடியாகச் சூடாக்கும் சிறிய ஹீட்டர்களில் நீர்ப்பாதை குறுகி, நீரோட்டம் குறைந்து, பாதுகாப்புச் சுவிட்ச் அடிக்கடி மின்சாரத்தைத் துண்டிக்கும். தொட்டி வைத்த ஹீட்டர்களில் கொதிக்கும் கெண்டிபோல் இரைச்சல் கேட்கும். அடியில் சுண்ணாம்புச் சில்லுகள் சேரும். தொட்டியின் வெப்பநிலையை 70 டிகிரி செல்சியசிலிருந்து 60க்குக் குறைத்தாலே காரை படியும் வேகம் கணிசமாகக் குறையும்.

முதலில் அளந்து பாருங்கள்

வெள்ளையாக இருப்பதெல்லாம் சுண்ணாம்பு அல்ல. படிவின் மீது சில சொட்டு வினிகரை விடுங்கள். நுரைத்துக் கரைந்தால் அது சுண்ணாம்பு. பழுப்பு நிறக் கறையாக இருந்தால் பெரும்பாலும் இரும்பு. அதற்கான தீர்வு வேறு.

அடுத்து, கடினத்தன்மையை அளக்க வேண்டும். அலங்கார மீன் விற்கும் கடைகளில் கிடைக்கும் சொட்டுச் சோதனைக் குப்பியே இதற்குப் போதும். பெட்டியில் GH என்று எழுதியிருக்கும். குழாய் நீரைக் குறித்த அளவு எடுத்து, நிறம் மாறும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும். பொதுவாக ஒரு சொட்டு, லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் கடினத்தன்மையைக் குறிக்கும். 3 சொட்டுக்குள் நிறம் மாறினால் அது மென்மையான நீர், சாஃப்ட்னர் தேவையில்லை. 7 சொட்டுக்கு மேல் போனால் கடின நீர். 10 சொட்டைத் தாண்டினால் மிகக் கடினமானது.

கடின நீர் உடல்நலத்திற்குக் கேடு என்று பயப்பட வேண்டாம். மலேசியக் குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. இங்கு பாதிக்கப்படுவது ஹீட்டரும் குழாயும்தான்.

சாஃப்ட்னர் உள்ளே என்ன நடக்கிறது?

சாஃப்ட்னர் ஒரு வடிகட்டி அல்ல. அது ஒரு பண்டமாற்றுக் கடை. நீளமான தொட்டிக்குள் ரவையைப் போன்ற பிளாஸ்டிக் மணிகள் நிரம்பியிருக்கும். இவற்றை ரெசின் என்பார்கள். ஒவ்வொரு மணியிலும் சோடியம் அயனிகள் ஒட்டியிருக்கும். கடின நீர் இந்த மணிகளின் ஊடே செல்லும்போது, கால்சியம் அங்கே இடம்பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியே தள்ளுகிறது. கால்சியத்துக்கு மின்னேற்றம் இரண்டு, சோடியத்துக்கு ஒன்று. அதனால் கால்சியம் மணியை இறுக்கமாகப் பற்றும். ஒரு கால்சியம் உள்ளே போனால் இரண்டு சோடியம் வெளியேறும். சோடியம் சூட்டில் காரையாகப் படியாது. தத்துவம் இவ்வளவுதான்.

எல்லா மணிகளும் கால்சியத்தால் நிரம்பியதும் கடையில் சரக்குத் தீர்ந்துவிடும். அப்போது கெட்டியான உப்புக் கரைசலை மணிகளின் மீது செலுத்த வேண்டும். சோடியம் பெருங்கூட்டமாக வரும்போது, இறுகப் பற்றியிருந்த கால்சியமும் இடம்விட்டு நகரும். அது உப்பு நீருடன் வடிகாலுக்குப் போய்விடும். மணிகள் மீண்டும் தயாராகும். உப்பு வாங்கிப் போடுவது இதற்குத்தான். வீட்டுக்கு வரும் தண்ணீரில் உப்பைக் கலப்பதாகச் சிலர் நினைப்பது தவறு.

ஒரு வீட்டின் கணக்கு

ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 200 லிட்டர் என ஒரு நாளைக்கு 1,000 லிட்டர் செலவாகிறது. சோதனையில் 11 சொட்டுகள், அதாவது லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம். ஆகவே, இந்த வீட்டுக்குள் ஒவ்வொரு நாளும் 200 கிராம் சுண்ணாம்பு நுழைகிறது.

25 லிட்டர் ரெசின் உள்ள கருவி, ஒருமுறைக்கு 2.5 கிலோ உப்பு கொடுத்தால், ஏறக்குறைய 1.15 கிலோ சுண்ணாம்புக்கு ஈடான கடினத்தன்மையைப் பிடிக்கும். 200 கிராமால் வகுத்தால் ஐந்தரை நாளுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். கடைசி நாளில் கடின நீர் கசிந்துவிடாமலிருக்க, 5,000 லிட்டருக்கு ஒருமுறை, அதாவது ஐந்து நாளுக்கு ஒருமுறை உப்பேற்றும்படி அமைக்கலாம். மாதத்திற்கு 15 கிலோ உப்பு ஆகும்.

உப்பை இரு மடங்காகக் கொடுத்தால் திறனும் இரு மடங்காகும் என்று எண்ண வேண்டாம். 6 கிலோ கொடுத்தாலும் திறன் ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் உயரும். மீதி உப்பு வீணாக வடிகாலுக்குப் போகும். விற்பனையாளர் கருவியின் திறனைச் சொல்லும்போது, அது எத்தனை கிலோ உப்புக்கு என்று கட்டாயம் கேளுங்கள்.

குடிக்கும் நீரில் சேரும் சோடியத்தையும் கணக்கிடலாம். 200 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் லிட்டருக்கு 92 மில்லிகிராம் சோடியம் சேரும். இரண்டு லிட்டர் குடித்தால் 184 மில்லிகிராம். நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும் சிறுநீரக நோயாளிகளும், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும், பால்மாவு குடிக்கும் குழந்தைகளும் உள்ள வீடுகளில் சமையலறைக் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துவிடுவது நல்லது.

எங்கே தவறு நடக்கிறது?

உப்புத் தொட்டியில் உப்பு குறையாமல் அப்படியே இருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். நம் ஈரப்பதத்தில் மேலுள்ள உப்பு கெட்டியாகிப் பாலம்போல் நின்றுவிடும். கீழே வெறும் தண்ணீர்தான் இருக்கும். ஒரு கட்டையால் மெதுவாகக் குத்தி உடைத்துவிடலாம். கிணற்று நீரில் இரும்பு இருந்தால் அது மணிகளைப் பூசிக் கெடுத்துவிடும். அதற்கு முன்னால் தனியாக இரும்பு நீக்கும் வடிகட்டி தேவை.

வீட்டு வாசலில் பொருத்தும் மணல் வடிகட்டியும் கரி வடிகட்டியும் சேற்றையும் வாடையையும் நீக்கலாம். கரைந்திருக்கும் கால்சியம் அவற்றின் வழியே அப்படியே போய்விடும். குழாயில் மாட்டும் காந்தக் கருவியும் கால்சியத்தை நீக்குவதில்லை. சிலர் டிடிஎஸ் மீட்டரைக் காட்டி விற்பார்கள். அது கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவை மட்டுமே காட்டும். சாஃப்ட்னர் கால்சியத்தைச் சோடியமாக மாற்றுகிறதே தவிர மொத்தத்தைக் குறைப்பதில்லை. நன்றாக வேலை செய்யும் சாஃப்ட்னரின் முன்னும் பின்னும் அந்த மீட்டர் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும்.

இப்போதுள்ள காரையை என்ன செய்வது?

சாஃப்ட்னர் புதிய காரையைத் தடுக்கும். பழையதை உடனே கரைக்காது. ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்து, அரை மணி நேரத்திற்கு ஒருமுறை பார்த்துக் கழுவுங்கள். நீண்ட நேரம் விட்டால் குரோமியப் பூச்சு மங்கும். அரை லிட்டர் சாதாரண வினிகர் அதிகபட்சம் 20 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும் என்பதால், தடித்த காரைக்கு வினிகரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். பளிங்குத் தரையில் வினிகர் படக்கூடாது; பளிங்கும் சுண்ணாம்புக் கல்தான். எந்த அமிலத்தையும் பிளீச்சுடன் கலக்கவே கூடாது. நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிவரும். ஹீட்டருக்குள் இருக்கும் காரையை, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு தகுதியுள்ள தொழிலாளரைக் கொண்டு அகற்றுங்கள்.

எந்தக் கருவியையும் பணம் கொடுத்து வாங்குமுன், அதே கருவி ஓடும் ஒரு வீட்டில் உள்ளே வரும் நீரையும் வெளியேறும் நீரையும் சொட்டுச் சோதனையில் அளந்துகாட்டச் சொல்லுங்கள். 11 சொட்டு, ஒன்று அல்லது இரண்டாகக் குறைந்தால் அது சாஃப்ட்னர். 11 சொட்டு 11 சொட்டாகவே இருந்தால், அதன் பெயர் என்னவாக இருந்தாலும் உங்கள் ஹீட்டரை அது காப்பாற்றாது.